பழைய வரைபடப் படத்தில் இருக்கும் ஊர்ப்பெயர், ஆள்பெயர்: ஒலிபெயர்ப்பதா, மொழிபெயர்ப்பதா? முழுமையான வழிகாட்டி

ஊர் வரலாறு எழுதுகிறவர்களுக்கு இப்போது மூல ஆவணம் பெரும்பாலும் போட்டோவாகத்தான் வந்து சேர்கிறது. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கும் வரைபடம், தேவாலயச் சுவரில் பதித்த கல், கட்டடத் திறப்புவிழாப் பலகை என்று யாரோ போனில் எடுத்து அனுப்புவார்கள், நாம் அதிலிருக்கும் ஆங்கிலத்தைத் தமிழாக்கிக் கட்டுரையில் சேர்ப்போம். வாக்கியங்கள் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை, பெயர்களில்தான் மாட்டிக்கொள்வோம். நான் முதன்முதலில் எங்கள் பக்கத்துக் கடற்கரை பற்றி எழுதியபோது "போர்ட்டோ நோவோவில் 1781-ல் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் போர் நடந்தது" என்று எழுதிவிட்டேன். படித்த பெரியவர் ஒருவர் போன் செய்து, "தம்பி, அது நம்ம பரங்கிப்பேட்டைப்பா" என்றார். தெரிந்த ஊரையே அந்நிய ஊராக எழுதியிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

எல்லாரும் கேட்பது "ஒலிபெயர்க்கணுமா, மொழிபெயர்க்கணுமா" என்றுதான். ஆனால் தமிழ்நாட்டு, இலங்கைப் பெயர்களைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்கும் முன்னால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். படத்தில் ஆங்கில எழுத்தில் இருக்கும் பெயர் ஏற்கெனவே ஒரு தமிழ்ப் பெயரின் சிதைந்த ஒலிபெயர்ப்பாக இருக்கலாம். அதை மறுபடியும் ஒலிபெயர்த்தால் சிதைவு இரட்டிப்பாகும். அங்கே செய்ய வேண்டியது மூலப் பெயருக்கே திரும்பிப் போவது.

எல்லாவற்றையும் ஒரே எடுத்துக்காட்டில் பார்த்துவிடலாம். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில வரைபடங்களில் நம் கிழக்குக் கரை, வடக்கிலிருந்து தெற்காக, ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

```
COAST OF CHOROMANDEL
Covelong
Seven Pagodas
Sadras
Allamparva
Pondicherry
Fort St. David
Cuddalore
Porto Novo
Devicotta
Coleroon R.
Tranquebar
Carical
Negapatam
Pt. Calymere
```

முதல் படி: எழுத்தை மட்டும் பெயர்த்து எழுது

படத்தைப் பார்த்ததும் தமிழில் எழுதத் தொடங்காதீர்கள். முதலில் ஒரு தாளிலோ கோப்பிலோ படத்தில் இருக்கிறபடியே ஆங்கில எழுத்தில் பிரதி எடுங்கள், எழுத்துப்பிழை என்று தோன்றினாலும் திருத்தாமல். தெளிவில்லாத எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுங்கள். இந்தப் பிரதி இல்லாவிட்டால் பின்னால் பிழை வரும்போது நாம் தவறாகப் படித்தோமா, தவறாகப் பெயர்த்தோமா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

1800-க்கு முந்தைய அச்சில் எல்லாரையும் ஏமாற்றுவது நீண்ட s. சொல்லின் நடுவில் வரும் s, `ſ` என்ற வடிவில் f மாதிரியே இருக்கும். குறுக்குக்கோடு இடப்பக்கம் மட்டும் லேசாக எட்டிப் பார்க்கும், அல்லது கோடே இருக்காது. மசூலிப்பட்டினத்தை `Maſulipatam` என்று அச்சடித்திருப்பார்கள், போன் படத்தில் அது `Mafulipatam` என்று தெரியும், நாம் "மஃபுலிபட்டம்" என்று ஒரு புது ஊரையே உண்டாக்கிவிடுவோம். சொல்லின் கடைசியில் இந்த நீண்ட வடிவம் வராது, அங்கே சாதாரண s தான். அதனால் நடுவில் மட்டும் f வந்து, சொல் வாயில் நுழையவில்லை என்றால் s போட்டுப் படித்துப் பாருங்கள்.

வரைபடத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஊர்ப்பெயரை நெருக்கமான எழுத்தில் எழுதுவார்கள், நாட்டுப் பெயரை எழுத்துக்கு எழுத்து பெரிய இடைவெளி விட்டு வரைபடம் முழுக்கப் பரப்புவார்கள். தஞ்சை ராஜ்யத்தின் `T A N J O R E` அப்படித்தான் பரந்து கிடக்கும். படத்தில் ஒரு மூலை மட்டும் வந்திருந்தால் தனியாக ஒரு `N`, ஒரு `J` தொங்கும், அதைப் பக்கத்து ஊரோடு ஒட்டிப் படித்துவிடுவோம். சந்தேகம் வந்தால் முழு வரைபடத்தையும் ஒரே படமாக ஒருமுறை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கிட்டத்தில் எடுத்த படங்கள் அதற்கு மேலே வேண்டும்.

கல்வெட்டு என்றால் ஒளி முக்கியம். பிளாஷ் நேராக அடித்தால் வெட்டின பள்ளமெல்லாம் மறைந்துபோகும். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் சாயும்போது எடுத்தால் எழுத்தின் விளிம்பில் நிழல் விழும், தேய்ந்த கல்லும் படிக்க வரும். சாக்பீஸ் தேய்க்க வேண்டாம், கல்லுக்குக் கெடுதல்.

இரண்டாம் படி: எது பெயர், எது பொதுச்சொல்

பிரதியில் ஒவ்வொரு பெயரையும் இரண்டாகப் பிரியுங்கள்: தனிப்பெயர்ப் பகுதி, பொதுச்சொல் பகுதி. `R.` என்றால் ஆறு, `Pt.` என்றால் முனை, `Fort` என்றால் கோட்டை. இவை மொழிபெயர்க்க வேண்டியவை, இதில் சர்ச்சையே இல்லை. "கொலரூன் ரிவர்" என்று தமிழில் எழுத ஒரு காரணமும் கிடையாது.

ஆனால் பொதுச்சொல் அந்தக் காலத்தில் என்ன பொருளில் வழங்கியது என்பதைப் பார்க்க வேண்டும். `Pagoda` என்றதும் இன்றைக்கு நமக்குப் பௌத்தக் கோபுரம் ஞாபகம் வரும். அன்றைய ஐரோப்பியர் நம் கோயில்களையே அப்படித்தான் எழுதினார்கள். அதே சொல் கணக்குப் புத்தகத்தில் வந்தால் வராகன் என்ற பொற்காசு. வரைபடத்தில் வருகிற `Seven Pagodas` கோயில்தான், ஆனால் அதையும் "ஏழு கோயில்கள்" என்று மொழிபெயர்த்து விட்டுவிட்டால் வாசகருக்கு இடம் தெரியாது. அது மாமல்லபுரம். மாலுமிகள் கடலிலிருந்து பார்த்து வைத்த பெயர் தனக்கென்று ஒரு கதை உள்ள பெயர் என்பதால் நான் "மாமல்லபுரம், ஆங்கில மாலுமிகள் 'ஏழு கோயில்கள்' என்று அழைத்த இடம்" என்று முதல் முறை எழுதுவேன், அப்புறம் மாமல்லபுரம் மட்டும்.

மூன்றாம் படி: இடத்தைக் கண்டுபிடி, பெயரை அப்புறம் பார்க்கலாம்

முழு வேலையிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். பெயரின் ஒலியை வைத்து ஊரை ஊகிக்காதீர்கள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பட்டியலில் `Devicotta` இருக்கிறது. காதில் கேட்டவுடன் தேவகோட்டை என்று எழுதத் தோன்றும், நானும் அப்படித்தான் எழுதப் பார்த்தேன். ஆனால் தேவகோட்டை சிவகங்கைப் பக்கம், செட்டிநாட்டில், கரையிலிருந்து உள்ளே இருக்கிற ஊர். படத்தில் இந்தப் பெயர் பரங்கிப்பேட்டைக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவில், ஒரு ஆறு கடலில் கலக்கிற வாயிலேயே இருக்கிறது. அந்த ஆறு `Coleroon`, அதாவது கொள்ளிடம். கொள்ளிட முகத்துவாரத்தில் இருந்த கோட்டை தேவிக்கோட்டை, தீவுக்கோட்டை என்றும் சொல்வார்கள், 1749-ல் ஆங்கிலேயர் கைப்பற்றியது இதைத்தான். ஒலியை மட்டும் நம்பியிருந்தால் ஒரு போரையே நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வைத்திருப்போம்.

செய்முறை எளிது. உறுதியாகத் தெரிந்த இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள், இங்கே புதுச்சேரியும் நாகப்பட்டினமும். இன்றைய வரைபடத்தை வடக்கு மேலே வரும்படி பக்கத்தில் வைத்து, அந்த இரண்டுக்கும் நடுவில் கரையோர ஊர்களை வரிசையாக எழுதுங்கள். பழைய பட்டியலும் அதே வரிசையில் வர வேண்டும். வரிசை ஒத்துப்போய், ஒலியும் ஓரளவு ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்ளலாம். வரிசை ஒத்துப்போகவில்லை என்றால் ஒலி எவ்வளவு பொருந்தினாலும் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். வரிசை பொருந்தி ஒலி பொருந்தாத இடம் வந்தால் அங்கே பெரும்பாலும் ஒரு பெயர்மாற்றம் ஒளிந்திருக்கும், `Porto Novo` அப்படிப்பட்டதுதான்.

நான்காம் படி: முடிவெடுப்பது

இடம் தெரிந்த பிறகு, கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள்.

முதல் கேள்வி: இந்த இடத்துக்கு அங்கே வாழும் தமிழர்கள் சொல்லும் பெயர் இருக்கிறதா? இருந்தால் அதுதான் விடை, வேறு எதையும் யோசிக்க வேண்டாம். `Covelong` கோவளம், `Sadras` சதுரங்கப்பட்டினம், `Allamparva` ஆலம்பரை, `Cuddalore` கடலூர், `Tranquebar` தரங்கம்பாடி, `Carical` காரைக்கால், `Negapatam` நாகப்பட்டினம். `Pt. Calymere` கோடியக்கரை, "கலிமேர் முனை" இல்லை. மேலே தலைப்பில் இருக்கும் `Choromandel` சோழமண்டலம். சோழமண்டலம் ஐரோப்பிய வாயில் புகுந்து வெளியே வந்த பெயரை நாம் "கொரமண்டல் கடற்கரை" என்று எழுதுவது மனசுக்கு வலிக்கிற விஷயம், சோழமண்டலக் கடற்கரை என்றே எழுதுங்கள்.

இதில் மொழிபெயர்ப்பு எப்படி ஏமாற்றும் என்பதற்கு இலங்கையின் வட பகுதி நல்ல பாடம். `Point Pedro` என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "பேதுரு முனை" வரும், ஊரின் பெயரோ பருத்தித்துறை. `Elephant Pass` "யானைக் கணவாய்" ஆகிவிடும், அது ஆனையிறவு, அங்கே மலையும் இல்லை கணவாயும் இல்லை, கடல்நீரேரியைக் கடக்கிற ஒடுங்கிய நிலம். ஆங்கிலப் பெயரின் பொருள் தெளிவாகத் தெரிகிறது என்பதனாலேயே அதை மொழிபெயர்க்கலாம் என்று ஆகிவிடாது.

இரண்டாவது கேள்வி: இந்தப் பெயர் இடத்தைக் குறிக்கிறதா, அல்லது அந்தப் பெயரைத் தாங்கிய வேறு ஒன்றையா? கரையைச் சோழமண்டலம் என்றோம், ஆனால் ரயிலை "சோழமண்டல விரைவு வண்டி" என்றால் ஸ்டேஷனில் யாருக்கும் புரியாது, அது கோரமண்டல் எக்ஸ்பிரஸ். `Madras` இன்னும் சிக்கல். நகரம் 1996-ல் ஆங்கிலத்திலும் சென்னை ஆனது. ஆனால் உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில் இன்றும் பழைய பெயரிலேயே இருக்கிறது, தமிழில் சென்னை உயர் நீதிமன்றம் என்கிறோம். ராணுவப் படைப்பிரிவையோ மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றுதான் சொல்ல வேண்டும். நிறுவனம், வண்டி, படை, கம்பெனி என்றால் அது தமிழில் எப்படி வழங்குகிறதோ அப்படியே எழுதுங்கள், ஊருக்குச் சொன்ன விதியை அதன் மேல் திணிக்க வேண்டாம்.

மூன்றாவது கேள்வி: தமிழ்ப் பெயரே கிடையாது, வெளியார் வைத்த பெயர்தான் உண்டு என்றால்? அப்போதுதான் ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் சேர்ந்து வேலை செய்யும். தனிப்பெயரை ஒலிபெயர்த்துப் பொதுச்சொல்லை மொழிபெயர்க்க வேண்டும். `Palk Strait` பாக் நீரிணை, சென்னையில் 1763 முதல் 1767 வரை கவர்னராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயர் அது. `l` எழுத்தில் இருக்கிறது, வாயில் இல்லை, அதனால் "பால்க்" என்று எழுத வேண்டியதில்லை. மக்கள் பேச்சில் பாக்கு நீரிணை என்றும் ஆகிவிட்டது, அதுவும் சரிதான். `Fort St. David` புனித டேவிட் கோட்டை. இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை, டேவிட் என்றதும் விவிலியப் பழக்கத்தில் "தாவீது" என்று எழுதிவிடுவார்கள். இது தாவீது ராஜா இல்லை, வேல்ஸ் நாட்டின் புனிதர், அதனால் டேவிட் என்றே இருக்கட்டும்.

பொருள் முழுவதையும் மொழிபெயர்ப்பது எப்போது சரி? ஏற்கெனவே தமிழில் அப்படி நிலைத்திருந்தால் மட்டும். நன்னம்பிக்கை முனை பாடப்புத்தகத்திலேயே நிலைத்துவிட்டது, யாரும் குழம்ப மாட்டார்கள். நாமாகப் புதிதாக ஒரு பெயரைப் பொருள்பெயர்க்கக் கூடாது என்பது என் கறாரான கருத்து. தேடுகிறவருக்கு அந்தப் பெயரில் எந்த ஊரும் கிடைக்காது.

ஆள்பெயர்: அதே கேள்விகள், ஆனால் ஆளிடம் கேட்க வேண்டும்

ஊருக்கு ஊர்க்காரர்கள் சொல்வது விடை என்றால், ஆளுக்கு அந்த ஆள் தன்னை எப்படி எழுதிக்கொண்டார் என்பதே விடை. `Beschi` என்று ஒரு தேவாலயப் பலகையில் பார்த்தால் "பெஸ்கி" என்று ஒலிபெயர்க்கலாம், தவறில்லை, ஆனால் அவர் தமிழில் வாழ்ந்த பெயர் வீரமாமுனிவர். அதற்கு முன் தைரியநாதர். கான்ஸ்டன்ஸோ என்ற பெயரில் இருக்கும் உறுதி என்ற பொருளைத் தமிழாக்கின பெயர் அது. ராயப்பேட்டைக் கிணற்றுக் கல்வெட்டில் 1818-ல் எல்லிஸ் துரை தமிழ்ப் பாட்டில் தன்னை எல்லீசன் என்றே வெட்ட வைத்தார். இவர்கள் விஷயத்தில் தமிழ்ப் பெயரை முன்னால் வைத்து, ஆங்கிலப் பெயரின் ஒலியை ஒருமுறை சொன்னால் போதும்.

புனிதர் பெயர்களில் சபை பார்க்க வேண்டும். பவுல் என்று புராட்டஸ்டண்ட் விவிலியம் சொல்வதைப் பழைய கத்தோலிக்கத் தமிழ் சின்னப்பர் என்றது, லத்தீனில் அந்தப் பெயருக்குச் சிறியவர் என்று பொருள். யோவானை அருளப்பர் என்றார்கள். ஆகவே `St. Paul's` என்று ஒரு கோயில் முகப்பில் பார்த்தால், அது எந்தச் சபையின் கோயில் என்று தெரியாமல் எழுதாதீர்கள். உள்ளூரில் சின்னப்பர் கோயில் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

தமிழர் பெயர் ஆங்கிலக் கல்லில் இருந்தால் அதுவும் திரும்பிப் போகிற வேலைதான். பழைய எழுத்து முறை புரிந்துவிட்டால் பாதி தீர்ந்தது: `oo` என்றால் உ அல்லது ஊ, `ee` என்றால் இ அல்லது ஈ, `sawmy` சாமி, `Moodeliar` முதலியார், `Pillay` பிள்ளை. `Patcheappah` பச்சையப்பா. மீதிப் பாதிதான் கஷ்டம், ஏனென்றால் ஆங்கில எழுத்தில் குறில் நெடில் தெரியாது, ல ள ழ தெரியாது, ர ற தெரியாது. `Maran` என்று இருந்தால் அது மாறனா மாரனா என்று அந்த எழுத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. `Kali` காளியாக இருக்கலாம், கலியாகவும் இருக்கலாம். அப்போது அதே படத்தில் தமிழ்க் கையெழுத்து எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பத்திரங்களில் கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் இருக்கும், ஆனால் படம் எடுத்தவர் முதல் பக்கத்தை மட்டும் அனுப்பியிருப்பார். அது கிடைக்கவில்லை என்றால் குடும்பத்தாரைக் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் வழக்கில் அதிகம் உள்ள வடிவத்தை எழுதி, படத்தில் இருந்த எழுத்தையும் பக்கத்தில் தந்துவிடுங்கள், வாசகர் தானே தீர்மானிக்கட்டும்.

ஒரு வரம்பு இருக்கிறது. பிறப்புச் சான்று, பாஸ்போர்ட் மாதிரி இன்றைய ஆவணமாக இருந்தால் இந்தத் திருப்பும் வேலையைச் செய்யக் கூடாது. அங்கே உயிரோடு இருக்கிறவர் ஏற்கெனவே பதிந்திருக்கும் எழுத்துதான் செல்லும், நமக்கு அது தப்பாகத் தெரிந்தாலும்.

எழுத்துக் கூட்டுவது

வேறு வழியில்லாமல் ஒலிபெயர்க்கும்போது எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேளுங்கள். `Leicester` லெஸ்டர், "லெய்செஸ்டர்" இல்லை. தமிழில் ஏற்கெனவே ஒரு வடிவம் நிலைத்திருந்தால் ஒலி கொஞ்சம் விலகியிருந்தாலும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்: மன்றோ, கால்டுவெல், சீகன்பால்கு. யாருக்காக எழுதுகிறோம் என்பதும் உண்டு. தமிழ்நாட்டில் டொராண்டோ என்பதை இலங்கை வழித் தமிழர்கள் ரொறன்ரோ என்று எழுதுகிறார்கள். இரண்டும் தமிழே, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

கலக்காமல் இருக்க ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருந்தபடி எழுத்து, தமிழில் நீங்கள் எழுதியது, ஏன் அப்படி எழுதினீர்கள் என்று ஒரு வரி, இவ்வளவு போதும். கட்டுரையில் முதல் முறை வரும்போது படத்தின் எழுத்தையும் சேர்த்துக் கொடுங்கள், அப்போதுதான் அந்தப் படத்தைப் பார்க்கிற வேறொருவர் நீங்கள் சொல்லும் ஊர் எது என்று பொருத்திப் பார்க்க முடியும்.

கடைசியாக, தலைப்பெழுத்து. பலகைகளில் இதை யாரும் கவனிப்பதில்லை. `C. N. ANNADURAI` என்று ஒரு கட்டடப் பலகையில் இருந்தால் சி. என். அண்ணாதுரை என்று எழுதலாம், வழக்கில் இருப்பதுதான். ஆனால் தமிழில் அவரைக் கா. ந. அண்ணாதுரை என்றும் எழுதுகிறார்களே, `C` எப்படிக் கா ஆனது? அந்த `C` என்பது `Conjeevaram`, அதாவது காஞ்சிபுரம். `N` தந்தை நடராஜன். ஆகவே பலகையில் தலைப்பெழுத்தைப் பார்த்தால், ஆங்கில எழுத்தின் பெயரை அப்படியே ஒலிபெயர்ப்பதற்கு முன், அதற்குள் எந்த ஊர் இருக்கிறது, எந்த அப்பா இருக்கிறார் என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.